கவுன்ட்டர் ஓடுது, மழை எங்கே பெய்தது?

ஃபெஞ்சல் புயல் பற்றிய ஒரு விளக்க வீடியோவை இந்தப் பதிவில் விமர்சிக்கப் போகிறேன். ரெண்டரை நிமிஷ வீடியோ. 2024 டிசம்பரில் எங்க பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிச் சுற்றி வந்தது. செய்தவர்கள் சின்னப் பசங்க, உழைத்துச் செய்திருக்கிறார்கள், அதனால் பெயர் வேண்டாம். பெயர் தேவையும் இல்லை. இதே அச்சில் வார்த்த வீடியோக்கள் ஒவ்வொரு மழைக்கும் பத்து வருகின்றன. கீழே வெள்ளக் காட்சி ஓடும், மேலே எண்கள் துள்ளும், பட்டைகள் எழும்பும், பின்னணியில் ஒரு தடதட இசை.

வீடியோவின் கேள்வி நல்ல கேள்வி: விழுப்புரமும் திண்டிவனமும் ஏன் இப்படி மூழ்கின? அதுக்கான பதிலைச் சொல்வது பின்னணிக் குரல் இல்லை, கிராஃபிக்ஸ்தான். குரல் பொதுவாகப் பேசிக்கொண்டே போகிறது. பார்க்கிறவர் மனசில் நிற்பது 510 என்ற எண்ணும், ஒரு ஆளின் முட்டிக்கு மேலே ஓடும் மஞ்சள் கோடும், அணையிலிருந்து கொட்டும் 1.68 லட்சம் கன அடியும். இந்த மூணையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் 510. ஆரம்பத்திலேயே மேலிருந்து எடுத்த ட்ரோன் காட்சி, விழுப்புரம் பேருந்து நிலையம் குளமாக நிற்கிறது. அதன் மேல் பெரிய எழுத்தில் ஒரு கவுன்ட்டர். பூஜ்யத்தில் கிளம்பி விர்ரென்று ஏறி, கடைசியில் மெதுவாகி, 510 மி.மீ. என்று நிற்கிறது. மூலையில் ஒரு சின்னக் கடிகாரம்: டிசம்பர் 1, 00:00-ல் ஆரம்பித்து 24:00 வரை ஓடுது. எல்லாம் ரெண்டு விநாடியில் முடிந்துவிடும்.

510 என்ற எண் தப்பில்லை. வானிலை ஆய்வு மையம் மயிலத்துக்குச் சொன்ன மழை அளவு 51 செ.மீ. ஒரே நாளில். 20 செ.மீ. தாண்டினாலே அதி கனமழை என்ற கடைசிப் படி வந்துவிடும் (சரியாகச் சொன்னால் 204.5 மி.மீ.). மயிலத்தில் பெய்தது அதைப் போல ரெண்டரை மடங்கு. அப்போ எங்கே இடிக்குது?

மழைமானி நாள் என்பது நாம் காலண்டரில் கிழிக்கும் நாள் இல்லை. காலை 8.30-க்கு அளந்து, மறுநாள் காலை 8.30-க்குத் திரும்ப அளப்பார்கள். டிசம்பர் 1 என்று தேதி போட்டு வரும் அளவு நவம்பர் 30 காலை 8.30 முதல் டிசம்பர் 1 காலை 8.30 வரை பெய்த மழை. அந்த 24 மணி நேரத்தில் பதினைந்தரை மணி நேரம் நவம்பர் 30-ல் கிடக்கிறது. புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நவம்பர் 30 இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில். வீடியோவின் கடிகாரம் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னாடியே புயல் கரை ஏறிவிட்டது! வீடியோவை நம்பினால், புயல் வந்து சேர்ந்து, கொஞ்சம் மூச்சு வாங்கி, நள்ளிரவு தாண்டித்தான் முதல் துளி விழுந்திருக்கணும்.

இது தேதிக் குழப்பம், ஒரு வரி திருத்தினால் போயிடும். அடுத்தது அவ்வளவு லேசில் போகாது. கவுன்ட்டர் ஏறும் விதத்தைப் பாருங்க. எடிட்டிங் மென்பொருளில் ஆரம்பத்தில் 0 என்று ஒரு கீஃப்ரேம், முடிவில் 510 என்று இன்னொரு கீஃப்ரேம் வைப்போம். நடுவில் இருக்கும் ஃப்ரேம்களை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். பார்க்க அழகா இருக்கணும் என்று 'ஈஸ் அவுட்' போடுவார்கள், அதாவது வேகமாக ஆரம்பித்து மெதுவாக முடிவது. அந்த வீடியோவில் பார்த்த ஏற்றத்துக்கு இந்த ஒரு வரி நன்றாகப் பொருந்துகிறது:

```
v = 510 * (1 - (1 - t)**3)
```

`t` என்பது 0-விலிருந்து 1 வரை போகும் நேரம். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ரெண்டு விநாடிக்கு 50 ஃப்ரேம். பத்தாவது ஃப்ரேமில், அதாவது `t` 0.2 இருக்கும்போது, திரையில் 249 வந்திருக்கும். பாதி வழியில் 446. அப்படியென்றால் நாளின் முதல் ஐந்தில் ஒரு பங்கு நேரத்திலேயே பாதி மழை கொட்டிவிட்டது, மீதி நாள் முழுக்கத் தூறல் என்று அந்த வளைகோடு சொல்லுது. இதை யார் அளந்தது? யாரும் அளக்கவில்லை. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு எண், நாளின் மொத்தம். மிச்சம் 49 ஃப்ரேம்களில் வரும் எண்கள் எல்லாம் மென்பொருளின் ரசனை.

கவுன்ட்டர் ஓடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மூலையில் கடிகாரம் இல்லாமல் எண் மட்டும் ஏறி நின்றால் அது ஒரு அலங்காரம், யாரும் அதை மழையின் வேகமாகப் படிக்க மாட்டார்கள். கடிகாரத்தைச் சேர்த்த நிமிஷமே அது வரைபடமாகிவிட்டது. நேரம் ஒரு அச்சு, மழை இன்னொரு அச்சு. வரைபடம் என்று வந்துவிட்டால் நடுவில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குச் சொல்லணும்.

தானியங்கி மழைமானிகள் நாள் முழுக்க அளவை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த மணிவாரி அளவுகள் கையில் இருந்தால் தாராளமாக ஓட்டலாம். அப்பவும் வழவழவென்று ஏற்றக் கூடாது. அளந்த நேரத்தில் எண் மாறணும், அடுத்த அளவு வரும் வரை அசையாமல் நிற்கணும். படிக்கட்டு மாதிரி. பார்க்கக் கொஞ்சம் முரடாக இருக்கும். ஆனால் எந்த ஃப்ரேமில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அது நிஜமாக அளந்த எண்ணாக இருக்கும். நம்ம ஊரில் வீடியோவை விட அதிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்தான் தூரம் போகும் என்பதை மறக்கக் கூடாது.

(ஒரு சின்ன விஷயம்: எண்கள் ஓடும்போது இடமும் வலமும் நடுங்கும், 1 ஒல்லி, 8 குண்டு என்பதால். எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துரு போட்டால் நடுக்கம் போயிடும். இவர்கள் அதைச் சரியாகச் செய்திருந்தார்கள். கண்ணுக்குப் படும் நேர்த்தியில் ஒரு குறையும் இல்லை.)

இப்போ மஞ்சள் கோடு. நாற்பதாவது விநாடி வாக்கில் ஒரு தெருக் காட்சி. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் தண்ணீரில் நடந்து வருகிறார். அவர் முட்டிக்குச் சற்று மேலே ஒரு மஞ்சள் கோடு கிடைமட்டமாக விழுகிறது, பக்கத்தில் '51 செ.மீ.'. கேமரா அசைந்தாலும் கோடு தெருவோடு ஒட்டிக்கொண்டு நகருது. டிராக்கிங் என்று சொல்வார்கள், காட்சியில் ஒரு மின்கம்பத்தையோ சுவர் மூலையையோ மென்பொருள் பிடித்துக்கொண்டு, நாம் வரைந்ததை அதோடு கட்டிப்போடும். அருமையாகச் செய்திருக்கிறார்கள். வீடியோவிலேயே மிகப் பெரிய தப்பும் இதுதான்.

51 செ.மீ. என்பது மழையின் அளவு. தெருவில் நின்ற தண்ணீரின் ஆழம் இல்லை. மழை அளவு சொல்வது இதைத்தான்: விழுந்த தண்ணீர் எங்கும் ஓடாமல், உறிஞ்சப்படாமல், விழுந்த இடத்திலேயே நின்றிருந்தால் எவ்வளவு உயரம் நிற்கும். மயிலத்தில் குன்றின் மேல் முருகன் கோயில் இருக்கிறது. கோயில் படிகளிலும் ஏறக்குறைய அதே மழைதான் பெய்திருக்கும். அங்கே நின்ற தண்ணீர் பூஜ்யம். கீழே பள்ளத்தில் இருக்கும் ஒரு தெருவுக்கு நாலு பக்கத்துத் தண்ணீரும் வந்து சேரும், அங்கே இடுப்பளவு நின்றிருக்கலாம். மழை அளவு ஊருக்கே ஒன்று. தண்ணீர் ஆழம் வாசலுக்கு வாசல் வேறு.

ரெண்டுக்கும் ஒரே அலகு, செ.மீ. அதான் வில்லங்கம். கிலோவையும் மீட்டரையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டோம். செ.மீ.யும் செ.மீ.யும் என்றால் கண் ஏமாந்துடுது. அதிலும் கோட்டை ஒரு மனுஷன் காலோடு கட்டிவிட்டால், "இந்தத் தெருவில் இவ்வளவு நின்னுது" என்று சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடுது. அந்தத் தெருவில் டேப் பிடித்து அளந்தவர் யாரும் இல்லை. அது மயிலம் தெருவா என்றுகூட வீடியோவில் இல்லை. பின்னால் ஒரு கடைப் பலகையில் பாதி எழுத்துத் தெரியுது, திண்டிவனம் மாதிரித்தான் எனக்குப் படுது.

இந்த இடத்தில் நியாயமாகச் செய்ய என்ன வழி? வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் ஒரு கறை நிற்கும். பழுப்புக் கோடு, நாலைந்து நாளைக்கு நன்றாகத் தெரியும். தரையிலிருந்து அதுவரை டேப் வைத்து அளந்து, அளப்பதையே படம் எடுத்து, தெருப் பெயரும் தேதியும் போட்டு, அந்தக் கறை மேலேயே கோடு வரையலாம். அசையும் கோடுகூட வேண்டாம். ஒரு மதியம் நடந்தால் பத்துத் தெருவுக்கு இப்படிச் சேகரித்துவிடலாம். அந்தப் பத்து எண்ணும் வானிலை மையத்தில் கிடைக்காது, வேறு எங்கேயும் கிடைக்காது. உள்ளூர் வீடியோக்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த வேலை அது. அதை விட்டுவிட்டு, எல்லாருக்கும் ஏற்கெனவே கிடைக்கும் எண்ணைக் கொண்டுபோய்த் தெருவில் ஒட்டியிருக்கிறார்கள்.

மூணாவது, அணை. இதில்தான் எனக்கு நிஜமான கவலை.

வீடியோவின் ரெண்டாம் பாதியில் காட்சிகள் மாறி மாறி வருகின்றன. அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலை மேல் ஓடும் தண்ணீர், நிற்கும் லாரிகள், பிறகு விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தை முட்டிக்கொண்டு ஓடும் தண்ணீர். ரெண்டும் நடந்தவை. டிசம்பர் 2 அன்று அரசூரில் சாலைப் போக்குவரத்து நின்றது, அந்தப் பாலத்தால் ரயில்களும் நின்றன. ரெண்டு காட்சிக்கும் மேலே ஒரே கவுன்ட்டர்: சாத்தனூர் அணை வெளியேற்றம், விநாடிக்கு 1,68,000 கன அடி. ஏற ஏறச் சிவப்பாகுது.

நம்ம ஊர் வரைபடத்தைக் கொஞ்சம் மனசில் விரியுங்கள். சென்னையிலிருந்து திருச்சி சாலையில் வந்தால் முதலில் திண்டிவனம், பிறகு கூட்டேரிப்பட்டு (மயிலத்துக்கு அங்கே திரும்பணும்), விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம், அப்புறம் தெற்கே அரசூர். சாத்தனூர் அணை தென்பெண்ணையில் இருக்கு, திருவண்ணாமலை மாவட்டத்தில். அந்தத் தண்ணீர் திருக்கோவிலூர் வழியாக வந்து, விழுப்புரத்துக்குத் தெற்கே ஓடி, கடலூர் பக்கம் கடலில் சேரும். விக்கிரவாண்டி விழுப்புரத்துக்கு வடக்கே. அந்த ரயில் பாலத்தின் அடியில் தென்பெண்ணை ஓடவில்லை. சாத்தனூரில் ஒரு சொட்டுத் திறக்காமல் இருந்திருந்தாலும் அந்தப் பாலத்தில் தண்ணீர் வந்திருக்கும், ஏனென்றால் அது செஞ்சிப் பக்கத்தில் பெய்த மழையின் தண்ணீர்.

அரசூர்க் காட்சிக்கு அணைக் கவுன்ட்டர் பொருந்தும், பாலத்துக்குப் பொருந்தாது. ஆனால் கவுன்ட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்போது அடியில் காட்சி மட்டும் வெட்டி மாறினால், பார்க்கிறவர் ரெண்டையும் ஒரே வெள்ளமாகத்தான் பார்ப்பார். எடிட்டிங்கின் அடிப்படைக் குணம் அது. மேலே தொடரும் ஒன்று கீழே இருப்பதையெல்லாம் ஒட்டிவிடும். குரல் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வெட்டு சொல்லிவிட்டது.

சரி, ஒரு பாலத்தை இடம் மாற்றிப் போட்டதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். இருக்கு. என் தெருவில் வந்தது மழைத் தண்ணீர் என்றால், நான் நகராட்சியிடம் போய் வடிகாலையும், ஏரிக்கு வரும் வாய்க்காலையும், போகும் வாய்க்காலையும் கேட்கணும். வந்தது ஆற்றுத் தண்ணீர் என்றால், நீர்வளத் துறையிடமும் கலெக்டரிடமும் கரையையும் முன்னெச்சரிக்கையையும் கேட்கணும். ரெண்டு மனு, ரெண்டு அலுவலகம். இந்த வீடியோ வந்த பிறகு வடக்குப் பக்கத் தெருக்காரர்கள்கூட "அணையைத் திறந்துட்டாங்க" என்று பேசினார்கள். அவர்கள் தெருவில் அடைத்துக் கிடக்கும் கல்வெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. (கல்வெட்டு என்றால் சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய், சோழர் காலத்தது இல்லை.)

அணைப் பக்கத்து ஊர்களுக்கும் இந்தக் கவுன்ட்டர் நியாயம் செய்யவில்லை. அங்கே கேள்வி வேறு. டிசம்பர் 2 அதிகாலையில் வெளியேற்றம் 1.68 லட்சம் கன அடியைத் தொட்டது. போதிய எச்சரிக்கை இல்லாமல் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின, அரசு மறுத்தது. இதை எடை போட வெளியேற்றம் மட்டும் போதாது, நீர்வரத்தும் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. சாத்தனூரின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. விநாடிக்கு 1,68,000 வீதம் திறந்தால், நிரம்பிய அணை சுமார் 43,600 விநாடியில், அதாவது பன்னிரண்டு மணி நேரத்தில், காலியாகிவிடும். அணை காலியாகவில்லை. அப்படியென்றால் போன தண்ணீரில் பெரும்பகுதி அப்பவே மேலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீர். மேலே என்றால் எங்கே? கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. மயிலத்து மழைக்கு மறுநாள். அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் விழுந்து சாத்தனூருக்கு வரும். விழுப்புரத்தின் தெற்குக்கு வந்த வெள்ளம் இன்னொரு மாவட்டத்து மழை, இன்னொரு நாளின் மழை.

இந்தக் கணக்கால் யாரும் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. மழை வரும் என்று தெரிந்தபோதே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து இடம் பண்ணி வைத்திருக்கலாமே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் அதைக் கேட்கவே நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு மூணும் ஒரே படத்தில் நேரவாரியாக வேண்டும். வரத்துக் கோடு ஏற ஆரம்பித்து எவ்வளவு நேரம் கழித்து வெளியேற்றக் கோடு ஏறுது, அந்த இடைவெளிதான் விவாதமே. சிவப்பாகும் கவுன்ட்டரில் அந்த இடைவெளிக்கு இடமே இல்லை. அது கோபத்தை மட்டும் காட்டுது.

பட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மயிலம் 51, புதுச்சேரி 48.4 என்று ரெண்டு பட்டை எழும்புது. அடிக்கோடு 45-ல் ஆரம்பிக்கிறது, அதனால் மயிலத்துப் பட்டை மற்றதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு உயரம். உண்மையான வித்தியாசம் ஐந்து சதவீதம். பழைய வியாதி, எல்லாருக்கும் தெரிந்தது.

இந்த மாதிரிப் படங்களுக்கெல்லாம் தாத்தா ஹான்ஸ் ரோஸ்லிங். 2010-ல் பிபிசிக்காக அவர் செய்த நாலு நிமிஷப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இருநூறு நாடுகள், இருநூறு ஆண்டுகள், அவர் நின்று பேச, அவர் முன்னால் காற்றில் குமிழ்கள் நகரும். நம்ம பசங்களுக்கும் அதுதான் முன்மாதிரி என்று நினைக்கிறேன். ஆனால் அவர் செய்த ரெண்டு விஷயத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. முதலாவது, ஒரு குமிழ்கூட வருவதற்கு முன்னால் அச்சுகளைக் காட்டி, இது வருமானம், இது ஆயுள் என்று விளக்கிவிடுவார். நகர்வு அதுக்கு அப்புறம்தான். ரெண்டாவது, அவருக்குப் பின்னால் இருப்பது ஒரு காலிக் கட்டடம். அது எந்த நாடும் இல்லை, எந்த வருஷமும் இல்லை. எண்ணுக்கும் பின்னணிக்கும் முடிச்சு விழ வழியே இல்லை. வெள்ளக் காட்சி மேல் எண் போடுகிறவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவர் பின்னணிக்கு ஊர் இருக்கு, தேதி இருக்கு, அதில் நடந்து வருகிறவருக்கு வீடு இருக்கு.

ரோஸ்லிங் பாணி நகரும் வரைபடங்களை 2008-லேயே மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட்சன் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். பார்ப்பவர்களுக்கு நகரும் படம்தான் ஜாலியாக இருந்தது, பிடித்தது. ஆனால் தரவைத் தாங்களே அலசிப் பதில் கண்டுபிடிக்கச் சொன்னபோது, நகராமல் அடுத்தடுத்து வைத்த சின்னப் படங்களில்தான் வேகமாக வேலை முடிந்தது. நான் நகர்வுக்கு எதிரி இல்லை. கதை சொல்ல அது உதவும், எதைப் பார் என்று விரல் நீட்டும். விரல் நீட்டியதும் நின்றுவிடணும்.

இதே காட்சிகளை வைத்து நான் எப்படி அடுக்குவேன் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

முதல் நாலு விநாடி அசையாத ஒரு வரைபடம். சென்னை–திருச்சி சாலை நடுவில், வடக்கே ஒரு நிறம், தெற்கே தென்பெண்ணை வேறொரு நிறம். இதுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் அந்த ரெண்டு நிறத்தில் ஒன்று சின்னப் புள்ளியாக இருக்கும், கூடவே ஊர்ப் பெயர், தேதி, வேளை. எங்கே எடுத்தது என்று தெரியாத காட்சி எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் உள்ளே வராது.

அடுத்து வடக்குப் பக்கத் தெருக்கள், எண் எதுவும் இல்லாமல். வெள்ளத்தை வெள்ளமாகப் பார்க்க விட்டுவிடலாம். பிறகு காட்சியை நிறுத்தி, பாதி இருட்டாக்கி, '51 செ.மீ.' முழுசாக ஒரே தடவையில் வரும். ஏறாது. அடியில் 'மயிலம், நவ. 30 காலை 8.30 முதல் டிச. 1 காலை 8.30 வரை'. அந்த வரியை வாய்விட்டு ரெண்டு தடவை படிக்கும் நேரம் வரை திரை அசையக் கூடாது, குரலும் வேறு எதையும் பேசக் கூடாது. தமிழ் வரி நீளம். கண் அதைப் படிக்கும்போது காதில் வேறு வாக்கியம் விழுந்தால் ரெண்டும் போச்சு. ஃபோனில் நிமிர்த்திப் பார்ப்பவருக்குக் கீழ்ப்பகுதியை லைக் பொத்தானும் தலைப்பும் மூடிவிடும், அதனால் எழுத்து மேல் பாதியில்.

51 பெரிசா சின்னதா என்று காட்டத்தான் பட்டை. முதலில் ஒரு வருஷ மழை, இந்தப் பக்கத்துக்கு ஆயிரம் மி.மீ. வாக்கில். அது நின்ற பிறகு பக்கத்தில் ஒரே நாளின் பட்டை பூஜ்யத்திலிருந்து எழும்பி, அதன் பாதியில் நிற்கும். இங்கே எழும்பலாம், கடிகாரம் இல்லையே. அதுக்கப்புறம் ஒரு மொட்டை மாடி. ஒரு மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர், 510 மி.மீ.க்கு 47,000 லிட்டர் சொச்சம். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி நாலு. ஒரு வீட்டு மாடியில் மட்டும். தெருவில் நாற்பது வீடு என்றால் எத்தனை லாரி என்று பார்க்கிறவரே பெருக்கிக்கொள்வார், நாம் கவுன்ட்டர் ஓட்ட வேண்டாம்.

பிறகு திரை சில விநாடி வரைபடத்துக்குத் திரும்பணும். ஊத்தங்கரையில் ஒரு புள்ளி, அங்கிருந்து சாத்தனூர், திருக்கோவிலூர், அரசூர்ப் பக்கம் என்று ஆற்றின் வழியே ஒரு கோடு நகரும். இந்த ஒரு இடத்தில் நகர்வு நிஜமாகவே எதையோ சொல்லுது: தண்ணீர் வந்த வழி. அதன் பிறகு வரத்தும் வெளியேற்றமுமாக ரெண்டு கோடு, அறிவிப்பு வந்த நேரங்களில் மட்டும் புள்ளி, புள்ளிகளுக்கு நடுவே படிக்கட்டு. பின்னணியில் காட்சி வேண்டாம், வெறும் கறுப்பு போதும். விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி என்பது அதே டேங்கர் கணக்கில் விநாடிக்கு நானூறு லாரி கிட்ட வரும். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவுகோல் கிடைத்துவிட்டது.

கடைசியில் சுவரில் நின்ற கறைகள், பத்துத் தெரு, பத்து டேப், ஒவ்வொன்றுக்கும் மூணு விநாடி. மொத்தம் போட்டுப் பார்த்தால் மூணரை நிமிஷம் வருது, அவர்கள் வீடியோவை விட ஒரு நிமிஷம் கூட. ட்ரோன் காட்சிகளில் இருபது விநாடி வெட்டலாம், இசையோடு வரும் தலைப்பை மொத்தமாக எடுத்துவிடலாம். மீதி நாற்பது விநாடியை எங்கே குறைப்பது என்று தெரியவில்லை, கறைகளில் கை வைக்க மனசில்லை.